கோபமாகப் பேசியவருக்கு ஒரு பதில், பேசாதவளுக்கு ஒரு பதில்

அரூரை அடுத்த நாற்றுப் பண்ணையில் சுமலதாவின் குரலை நம்பித்தான் பாதி வியாபாரம் நடக்கிறது என்று முதலாளி ராஜாமணி அக்கா வெளிப்படையாகவே சொல்வார். சுமலதாவுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். கல்யாணமான புதிதில் ஓசூரில் ஒரு கேஸ் ஏஜென்சியில் போன் எடுக்கும் வேலை பார்த்தவள். தீபாவளிக்கு முந்தின வாரம் சிலிண்டர் வராத வீடுகளிலிருந்து வரும் போன்களை எடுத்து எடுத்து அவளுக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. எதிர்முனையில் இருப்பவர் கத்தி முடித்து ஒரு முறை மூச்சு வாங்கும் வரைக்கும் அவள் வாயைத் திறக்க மாட்டாள். பிறகு பேசும்போது முதலில் சமாதானம் சொல்ல மாட்டாள். ஒரு கேள்வி கேட்பாள். கேள்விக்குப் பதில் சொல்லத் தொடங்கியவரால் அதே நேரத்தில் கத்த முடியாது என்பது அவள் கண்டுபிடித்தது.

கணவன் லாரியோடு வெளியூர் சுற்றுகிறவன். மகளை அரூரிலேயே படிக்க வைக்கலாம் என்று திரும்பி வந்தவள், ராஜாமணி அக்காவின் பண்ணையில் சேர்ந்தாள். நிழல்வலைக்கு அடியில் நீள நீளமான பாத்திகள். அவற்றின் மேல் குழித்தட்டுகள். ஒவ்வொரு குழியிலும் தேங்காய் நார்த்தூள், அதில் ஒரு விதை. தக்காளி, மிளகாய், கத்தரி, செண்டுமல்லி என்று விவசாயிகள் முன்கூட்டியே சொல்லி வைக்கிற ரகத்தை வளர்த்து, நடும் பருவத்தில் கொடுப்பார்கள். ஆர்டர் வாங்குவது, தட்டில் பெயர்க் குச்சி குத்துவது, வண்டிக்கு எந்த வரிசை என்று காட்டுவது எல்லாம் சுமலதாதான்.

சம்பவம் நடந்தது போன ஐப்பசியில்.

காலையில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. கம்பைநல்லூர் பக்கத்து விவசாயி திருமால். ஒரு ஏக்கருக்குக் கொடித் தக்காளி நாற்று கேட்டிருந்தவர். அன்று விடியலில்தான் பண்ணையின் டெம்போ டிரைவர் அன்பு அவர் நிலத்தில் தட்டுகளை இறக்கிவிட்டு வந்திருந்தான்.

போனை எடுத்ததுமே அவர் ஆரம்பித்துவிட்டார். கொம்பு நட்டு, கம்பி இழுத்து, பாத்திமேல் பிளாஸ்டிக் ஷீட் விரித்து, நாற்றுக்கு ஓட்டை போட்டு, நடவுக்கு ஆள் கூட்டி வந்து வைத்திருக்கிறேன். நீங்கள் செடி ரகத்தை ஏற்றி அனுப்பியிருக்கிறீர்கள். தரையோடு படர்கிற செடிக்கு நான் எதற்குக் கம்பி கட்ட வேண்டும். போன வருசம் வேறொருவன் ஏமாற்றினான், இந்த வருசம் நீங்களா. பெண்பிள்ளை நடத்துகிற பண்ணை, நேர்மையாக இருக்கும் என்று வந்தது என் தப்பு. இடையில் இரண்டொரு கெட்ட வார்த்தைகளும் வந்தன. நடவுக்கு வந்த பெண்கள் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பது அவர் குரலிலேயே தெரிந்தது. ஆட்கள் முன்னால் ஏமாந்து நிற்கிற மனிதனின் கோபம் அது.

சுமலதா டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டே இருந்தாள். இரண்டு ரகமும் சிறு நாற்றாக இருக்கும்போது பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். வித்தியாசம் தெரிய வேண்டுமானால் தட்டில் குத்தியிருக்கிற குச்சியைப் பார்க்க வேண்டும். அதைப் பார்த்துவிட்டுத்தான் அவர் பேசுகிறார் என்று அவளுக்குப் புரிந்தது. அவர் மூச்சு வாங்கியதும் கேட்டாள்.

"அண்ணா, உங்க கையில இருக்கிற தட்டுல குச்சி இருக்குதுங்களா? அதுல என்ன எழுதியிருக்குன்னு படிங்க."

அவர் படித்தார். செடி ரகம்தான். சந்தேகமே இல்லை.

"தப்பு எங்களதுதாங்க. நீங்க சொன்னது சரி. இப்ப ஒண்ணு மட்டும் பாத்துச் சொல்லுங்க. எல்லாத் தட்டும் அப்படியா, இல்ல அந்த அடுக்கு மட்டுமா? ஒவ்வொரு அடுக்கா போய்ப் பாருங்க. நான் போன வெக்கல."

அவர் முணுமுணுத்துக்கொண்டே நடந்தார். சருகு மிதிபடும் சத்தமும், தட்டை நகர்த்தும் சத்தமும் கேட்டன. முதல் அடுக்கு கொடி. இரண்டாவதும் கொடி. ஒவ்வொன்றாகப் பார்த்துச் சொல்லச் சொல்ல அவர் குரல் இறங்கியது. கடைசியாக வேலியோரம் இறக்கிய இருபது தட்டுகள் மட்டும்தான் மாறி வந்திருந்தன. பெண்கள் நடத் தொடங்கியிருந்தது முதல் அடுக்கிலிருந்து. நட்டதில் ஒரு செடி கூடத் தப்பில்லை.

மாறிய இருபதையும் தனியாக நிழலில் வைத்துத் தண்ணீர் தெளிக்கச் சொன்னாள். சரியான தட்டுகளை வைத்து நடவு நடக்கட்டும், மதியம் வரைக்கும் ஆட்களுக்கு வேலை இருக்கும், அதற்குள் மீதிக்கு வழி பார்த்துவிட்டு அரை மணியில் தானே கூப்பிடுவதாகச் சொன்னாள். கட்டாயம் கொண்டுவந்து தருகிறேன் என்று சொல்லவில்லை. கையில் இல்லாததைத் தருவதாகச் சொல்லக் கூடாது என்பதும் ஓசூரில் கற்றதுதான். அவர் சரி என்றார். வைக்கும் முன் கெட்ட வார்த்தை பேசியதற்கு ஏதோ சொல்ல வந்து, சொல்லாமல் வைத்துவிட்டார்.

போனை வைத்தாள். அந்த இருபது தட்டு யாருடையது என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை.

சித்தேரி மலையிலிருந்து கருப்பி என்ற பெண் கால் ஏக்கருக்குச் செடித் தக்காளி சொல்லி வைத்திருந்தாள். சாமை அறுத்த நிலத்தில் முதல் முறையாகத் தக்காளி வைக்கப் போகிறாள். கொம்பு, கம்பி எல்லாம் தன்னால் முடியாது, தரையில் வருகிற ரகம் போதும் என்று இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டவள். முந்தின நாள் மத்தியானம் அவள் புருசன் கரியன் வந்திருந்தான். மலைக்குப் போகும் ஜீப் வெளியே ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. சுமலதா வேறு யாரோடோ போனில் இருந்தாள். கரியன் எந்த வரிசை என்று சைகையில் கேட்க, அவள் பேச்சை நிறுத்தாமலே கையை நீட்டிக் காட்டினாள். காட்டியது பக்கத்து வரிசை. குச்சியைப் பார்க்கவில்லை. கரியனும் பார்க்கவில்லை, அவள் காட்டிய பிறகு அவன் எதற்குப் பார்க்கப் போகிறான். விடியலில் அன்பு, கருப்பிக்கு வைத்திருந்த இருபதும் சேர மிச்சமிருந்ததையெல்லாம் திருமாலுக்கு என்று ஏற்றிவிட்டான்.

ஆக, கம்பியும் கொம்பும் இல்லாத மலை நிலத்துக்குக் கொடி ரகம் போயிருக்கிறது. அது ஆள் உயரம் வளரும். கட்டிவிடாவிட்டால் சாய்ந்து, காய் மண்ணில் கிடந்து அழுகிப் போகும். அதைவிட அவளைத் தைத்தது வேறொன்று. கருப்பி போன் செய்யவில்லை. செய்யவும் மாட்டாள். தப்பு நடந்ததே காய்க்கிற காலம் வரைக்கும் அவளுக்குத் தெரிய வராது.

பண்ணையில் வேறு கொடி நாற்று இல்லை. அடுத்த பாத்தி தயாராக இன்னும் இரண்டு வாரம் ஆகும். திருமாலுக்கு இன்று கொடுக்க வேண்டுமானால் கருப்பியிடமிருந்து திரும்ப வாங்குவது ஒன்றுதான் வழி. மாற்றிக்கொண்டால் இரண்டு பேருக்குமே சரியாகிவிடும். கணக்கு நேராகத்தான் இருந்தது. சுமலதா கருப்பிக்குப் போன் போட்டாள். மலையில் சிக்னல் விட்டு விட்டுத்தான் கிடைக்கும். மூன்றாவது முறை எடுத்தாள். விடிந்ததிலிருந்து நட்டுக்கொண்டிருக்கிறோம், பக்கத்து நிலத்துக்காரர்கள் எல்லோரும் வந்திருக்கிறார்கள், பாதி முடிந்தது, நாற்று நல்லா தெடமா இருக்குது என்று சந்தோசமாகச் சொன்னாள்.

அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் கருப்பி என்ன கேட்பாள், எவ்வளவு நேரம் ஆகும், நட்ட பாதியை என்ன செய்வது என்று பேச வேண்டியிருக்கும். தட்டைக் கொடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டால்? திருமாலுக்குச் சொன்ன அரை மணி ஓடிக்கொண்டிருந்தது. சுமலதா அதே அமைதியான குரலில், யோசித்து வைத்திருந்தவள் மாதிரி சொன்னாள்.

"அந்த நாத்துல நோவு இருக்குது அக்கா. இப்பத்தான் தெரிஞ்சுது. மேல நடாதீங்க. மீதித் தட்ட எடுத்து வைங்க, வேற நாத்து கொண்டாறன்."

"நோவாங்க?" என்று மட்டும் கேட்டாள் கருப்பி. ஆமாம் என்றாள் சுமலதா. சிக்னல் அறுந்துவிட்டது.

அரை மணி முடிவதற்குள் திருமாலைக் கூப்பிட்டு உள்ளதைச் சொன்னாள். உங்களுக்கு வர வேண்டியது மலைக்குப் போய்விட்டது, பாதியை நட்டுவிட்டார்கள், மீதிப் பத்துத் தட்டு சாயங்காலத்துக்குள் உங்கள் நிலத்துக்கு வந்துவிடும், குறைகிற பத்துத் தட்டுக்கு இன்றைக்கு வழியில்லை, அடுத்த பாத்தியிலிருந்து முதல் தட்டுகள் உங்களுக்குத்தான், அந்த ஒரு மூலையை மட்டும் விட்டுவைக்க முடியுமா என்று கேட்டாள். அவர் யோசித்துவிட்டு, வெயில் தாழ நட்டால் நாற்றுக்கும் நல்லதுதான் என்றார். ஆட்களில் நான்கு பேரை மட்டும் சாயங்காலம் வரைக்கும் நிறுத்திக்கொள்வதாகச் சொன்னார்.

அன்பு கம்பைநல்லூர் போய் மாறிய இருபது தட்டுகளையும் ஏற்றிக்கொண்டு வந்தான். பண்ணை வாசலில் சுமலதாவும் ஏறிக்கொண்டாள். நீ எதுக்கு அக்கா, நான் மாத்திக் குடுத்துட்டு வந்துர்றன் என்றான். அவளுக்கும் ஏன் என்று சரியாகத் தெரியவில்லை. நட்ட செடியை அப்படியே விட்டுவைக்கும்படி கருப்பியிடம் சொல்லாமல் விட்டோமே என்ற எண்ணம் மட்டும் வழியெல்லாம் இருந்தது. காலையில் நட்ட நாற்றை அன்றைக்கே வேர்க்கட்டியோடு அலுங்காமல் எடுத்துத் திரும்பவும் தட்டில் வைத்துவிடலாம், ஒன்றும் ஆகாது. அதை நேரில் போய்ச் சொல்லிக்கொள்ளலாம், எல்லாமே சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டாள். பத்துத் தட்டு என்று திருமாலிடம் சொன்னது இருபதாகவே ஆகிவிடலாம். வண்டி மலை வளைவுகளில் ஏறும்போது கருப்பிக்குப் போன் போட்டுப் பார்த்தாள். அவள் எடுக்கவில்லை.

நிலத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது ஆட்கள் யாரும் இல்லை. வரப்போரம் சருகும் சுள்ளியும் போட்டு மூட்டிய நெருப்பு புகைந்துகொண்டிருந்தது. அதற்குள் வதங்கிக் கருகிக் கிடந்தவை தக்காளி நாற்றுகள். நட்ட அத்தனையையும் பிடுங்கிப் போட்டுக் கொளுத்தியிருந்தார்கள். நிலத்தில் வரிசை வரிசையாகக் குழிகள் வெறுமனே இருந்தன. கருப்பி அந்தக் குழிகளில் சாம்பலைத் தூவிக்கொண்டிருந்தாள். கையெல்லாம் மண்.

சுமலதாவைப் பார்த்ததும் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். மேட்டுக்கு அந்தப் பக்கம் கொழுந்தன் மிளகாய் வைத்திருக்கிறான், கீழே இன்னொருவர் நிலம், நோவு அங்கெல்லாம் தாவிவிட்டால் என்ன செய்வது என்று பயந்துபோய் எல்லோருமாகச் சேர்ந்து பிடுங்கிவிட்டதாகச் சொன்னாள். பிடுங்கிய பிறகு ஆட்கள் வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

"நீங்க சொல்லாம இருந்திருந்தா தெரியாமயே போயிருக்கும். மத்தவங்க கொல்லைக்கும் கெடுதல் பண்ணியிருப்பன். இவ்ளோ தூரம் நீங்களே வந்திருக்கீங்க."

அன்பு அவள் முகத்தையும் நெருப்பையும் மாறி மாறிப் பார்த்தான். அவனுக்கு நோவு விசயம் தெரியாது. போன் பேசியபோது அவன் இல்லை. நடாமல் மிஞ்சிய பத்துத் தட்டுகளையும் கரியன் தொடக்கூடாத பொருள்போல ஒரு சாக்கால் மூடி, தள்ளி ஒரு பாறைமேல் வைத்திருந்தான். அவற்றை வண்டியில் ஏற்றும்போது, இதுகளையும் கொளுத்தத்தான் போறீங்களா என்று சாதாரணமாகக் கேட்டான். சுமலதா தலையை ஆட்டினாள். ஆமாம் என்றா, இல்லை என்றா என்று அவளுக்கே தெரியவில்லை.

கருப்பி கருப்பட்டிக் காப்பி போட்டுக் கொண்டுவந்து கொடுத்தாள். சுமலதா நின்றபடியே குடித்தாள். சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு மிடறுக்கும் நினைத்தாள். கீழே திருமாலின் நான்கு ஆட்கள் காத்திருந்தார்கள். இப்போது சொன்னால் உடனே கிளம்ப முடியாது. அந்தக் காரணம் உண்மையாக இருந்ததாலேயே அதைப் பிடித்துக்கொண்டாள். அன்பு இறக்கி வைத்த புது நாற்றை இன்றே நடுங்கள் என்று மட்டும் சொன்னாள். ஆட்கள் போயிட்டாங்களே, இனி நாளைக்கு வேறொருத்தர் கொல்லை, எங்க முறை வர நாளாகும் என்றாள் கருப்பி. மலையில் கூலிக்கு ஆள் கூப்பிடுவதில்லை. ஒருவர் நிலத்தில் மற்றவர்கள் முறைவைத்து உழைப்பார்கள். கருப்பியின் முறை அன்றைக்கு நெருப்பில் முடிந்திருந்தது.

சாயங்காலம் திருமாலின் நிலத்தில் பத்துத் தட்டுகளும் நடப்பட்டன. அவர் ரொம்ப திருப்தியாகிவிட்டார். காலையில் வாய்க்கு வந்தபடி பேசிவிட்டேன், மனசில் வைத்துக்கொள்ளாதே தாயி என்றார். ராஜாமணி அக்காவுக்குத் தானே போன் போட்டு, இந்த மாதிரி ஒரு பெண்ணை வேலைக்கு வைத்திருக்கிறீர்களே, தப்பை மறைக்காமல் தப்பு என்று சொல்கிற பண்ணையை நான் பார்த்ததில்லை என்று புகழ்ந்தார். அக்கா அதை அப்படியே சுமலதாவிடம் சொல்லிச் சிரித்தார். சுமலதாவும் சிரிக்க வேண்டியிருந்தது. வீட்டில் மகள் பரிமாறிய சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். தப்பை மறைக்காமல் என்ற சொல் திரும்பத் திரும்ப வந்தது.

மறுநாள் முதல் பஸ்ஸில் சித்தேரிக்குப் போனாள். கிளம்பும் முன் போனில் லீவு சொல்லும்போதே ராஜாமணி அக்காவிடம் முழுவதையும் சொன்னாள். மாறிப்போச்சுன்னு சொல்லியிருந்தா ஒரு நாளோட போயிருக்கும். நோவுன்னு சொல்லிட்டே, நாளைக்கு மலையில யாராவது நம்மகிட்ட நாத்து வாங்குவாங்களா என்றார் அக்கா. போய்ச் சொல்லிட்டு வா, நான் வேணும்னாலும் வர்றன் என்றும் சொன்னார். வேண்டாம், கை காட்டினதும் நான், பேசினதும் நான் என்றாள் சுமலதா.

கருப்பி ஆட்டைக் கட்டிக்கொண்டிருந்தாள். உட்காரச் சொன்னாள். சுமலதா உட்காரவில்லை. நாற்றில் நோவு எதுவும் இல்லை, நான்தான் வரிசையை மாற்றிக் காட்டிவிட்டேன், அது கொம்பு கட்டுகிற ரகம், அதற்கு உரியவர் கம்பைநல்லூரில் கத்தினார், அவருக்குச் சீக்கிரம் திருப்பித் தர வேண்டும் என்பதற்காக நோவு என்று சொல்லிவிட்டேன் என்று ஒன்றையும் விடாமல் சொன்னாள். பிடுங்கிய செடிகள் நல்ல செடிகள் என்பதையும் சொன்னாள்.

கருப்பி கயிற்றைக் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. உள்ளேயிருந்து கரியன் வாசலுக்கு வந்து நின்றான்.

"போன்ல கத்தினவருக்கு நெசத்த சொன்னீங்களா?"

சொன்னேன் என்றாள் சுமலதா.

"கத்தாதவளுக்குப் பொய். நானும் கத்தியிருக்கணும் போல."

அவ்வளவுதான் சொன்னாள். குரலை உயர்த்தவே இல்லை. இத்தனை வருசம் எத்தனையோ பேர் போனில் திட்டியதைக் கேட்டுக்கொண்டு நிதானமாக நின்றவளுக்கு, அந்த வார்த்தைகளின் முன்னால் நிற்க முடியவில்லை. மூச்சு வாங்கக் காத்திருக்க எதிரில் கோபமான ஆள் இல்லை. கேட்பதற்குக் கேள்வியும் இல்லை. கடைசியில் சுமலதா, தட்டெல்லாம் எங்கே இருக்கிறது என்று கேட்டாள். கேட்டது கருப்பியை அடக்குவதற்காக இல்லை. நாற்று நேற்றெல்லாம் வண்டியிலேயே அலைந்திருக்கிறது, இன்னும் தாமதித்தால் வாடிவிடும்.

தட்டுகள் வீட்டுக்குப் பின்னால் நிழலில் இருந்தன. சிலது தலை தொங்கியிருந்தது. சுமலதா தண்ணீர் தெளித்துவிட்டு, நான் நடுகிறேன், எப்படி இடைவெளி என்று மட்டும் காட்டுங்கள் என்றாள். நாற்று வளர்க்கிற பண்ணையில் அத்தனை வருசம் இருந்தும் அவள் நிலத்தில் இறங்கி நட்டவள் இல்லை. கரியன் குழிக்குக் குழி தண்ணீர் ஊற்றிக்கொண்டு முன்னால் போனான். சுமலதா பின்னால் நட்டாள். முதல் வரிசையில் பாதி, மண்ணை அழுத்தாமல் விட்டதால் சாய்ந்தன. கருப்பி பின்னாடியே வந்து ஒவ்வொன்றையும் அழுத்திவிட்டாள். சாம்பல் தூவிய குழிகளில் கை விடும்போதெல்லாம் சுமலதாவின் விரல் கறுத்தது. வெயில் ஏறியதும் நிறுத்தி, மறுபடி தாழ்ந்ததும் தொடர்ந்தார்கள். நடுவில் களியும் கீரைக் குழம்பும் வைத்தார்கள். கருப்பி பரிமாறினாள், பேசவில்லை. ஒரு தடவை மட்டும், கொழுந்தன்கிட்டயும் கீழ்க்கொல்லைக்காரங்ககிட்டயும் நீங்களே வந்து சொல்லணும், அவங்க ராத்திரியெல்லாம் செடியப் பாத்துப் பாத்துப் பயந்துட்டிருந்தாங்க என்றாள். சுமலதா இரண்டு வீட்டுக்கும் போய்ச் சொன்னாள். ஒரு வீட்டில் திட்டினார்கள். திட்டியது அவளுக்கு ஆறுதலாகக்கூட இருந்தது.

நட்டு முடியவில்லை. கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. மிச்சத்தை நாங்க பாத்துக்கறம் என்றான் கரியன்.

திருமாலுக்கு ஒதுக்கிய அடுத்த பாத்தித் தட்டுகள் சொன்னபடி போய்ச் சேர்ந்தன. அவர் இப்போதும் பண்ணையின் நல்ல வாடிக்கை. கருப்பியின் செடிகள் பிழைத்தன. வாடியதில் சிலது காய்ந்தது. மார்கழி கடைசியில் காய் இறங்கியது என்று அன்பு மலைக்குப் போய் வந்து சொன்னான். எப்படி விற்றது என்று கேட்டு வரும்படி சுமலதா சொல்லவில்லை. கேட்கும் உரிமை தனக்கில்லை என்று நினைத்தாள்.

அதற்குப் பிறகு பண்ணையில் அவள் ஒரு வழக்கம் கொண்டுவந்தாள். வண்டி போய்ச் சேர்ந்ததும் வாங்கியவரைத் தானே கூப்பிட்டு, குச்சியில் இருப்பதைப் படிக்கச் சொல்வாள். படிக்கத் தெரியாதவர் என்றால் வீட்டில் யாரையாவது படிக்க வைப்பாள். போனில் பேசிக்கொண்டே வரிசை காட்டுவதை விட்டுவிட்டாள். இதற்காக வெளியே ஹாரன் அடிக்கிறவர்கள் அவளைத் திட்டிக்கொண்டு நிற்பதும் உண்டு.

அடுத்த நடவுப் பட்டத்துக்குக் கருப்பி நாற்று சொல்லி வைக்கவில்லை. சுமலதா ஒவ்வொரு நாளும் போனைப் பார்த்தாள். ஒருநாள் சித்தேரியிலிருந்து குள்ளம்மாள் என்று ஒருத்தி வந்து, செடித் தக்காளி வேண்டும் என்றாள். கருப்பிக்குப் பக்கத்துக் கொல்லை. அன்றைக்கு நாற்றைப் பிடுங்கிக் கொளுத்திய கைகளில் அவள் கையும் ஒன்று. கருப்பி அக்கா எங்கே வாங்கியிருக்கிறார் என்று சுமலதா கேட்டாள். பாலக்கோடு பக்கம் வாங்கியிருக்கிறாள் என்றாள் குள்ளம்மாள்.

நீங்கள் எப்படி இங்கே வந்தீர்கள் என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

"கருப்பிகிட்டதான் கேட்டன். அவுங்க நெசத்தச் சொல்லிருவாங்க, ஒரு நா லேட்டாச் சொல்லுவாங்கன்னு சொன்னா. பஸ்ஸுக்குப் பக்கமா இருக்குதேன்னு வந்தன்."

சுமலதா எழுந்தாள். மேசைமேல் போன் அடிக்க ஆரம்பித்தது. அடிக்கட்டும் என்று விட்டுவிட்டு, குள்ளம்மாளைக் கூட்டிக்கொண்டு நிழல்வலைக்குள் போனாள். பாத்தி ஓரமாக நடந்து, ஒரு தட்டிலிருந்த குச்சியைப் பிடுங்கி அவள் கையில் கொடுத்து, இதில் இருப்பதைப் பாருங்கள் என்றாள்.